817 கோடியும் 12,000 கோடியும்: நிகழ்கால மதிப்பு குறித்து ஒரு பாடம்

திருவனந்தபுரத்தில் பணியிலிருப்போருக்காக நான் நடத்திவரும் நிதியியல் மாலை வகுப்பில், நிகழ்கால மதிப்பு என்னும் பாடம் 2025 ஏப்ரல் மாதத்தில் வந்தது. அந்த வாரம் ஊரெங்கும் ஒரே பேச்சு. நகரின் தெற்கே கடலோரத்திலுள்ள விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மத்திய அரசு அளிக்கும் 817.80 கோடி ரூபாய்க்கான ஒப்பந்தம் ஏப்ரல் 9ஆம் தேதி கையெழுத்தாகியிருந்தது. வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு மாணவர் எழுந்து, "சார், வாங்குவது 817 கோடி, திருப்பித் தருவது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் கோடி என்கிறார்கள். இது எந்த ஊர் வட்டி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் விடையை அன்றைய பாடத்தின் இறுதியில்தான் சொல்ல முடியும் என்றேன். அதற்கு முன் இரண்டு சிறிய ரொக்க ஓட்டங்களைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். வாசகர்களும் அதே வரிசையில் என்னுடன் வருவது நல்லது.

முதல் கணக்கு மிக எளியது. ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி கிடைக்கும் இடத்தில் இன்று 10,000 ரூபாய் போட்டால் ஓராண்டின் முடிவில் அது 10,800 ஆகும். இதைத் திருப்பி வாசித்தால், ஓராண்டு கழித்து வரவிருக்கும் 10,800 ரூபாயின் இன்றைய மதிப்பு 10,000. முன்னே செல்லும்போது 1.08ஆல் பெருக்குகிறோம், பின்னே வரும்போது 1.08ஆல் வகுக்கிறோம். மூன்றாண்டு கழித்து வரும் தொகையாயின் மூன்று முறை வகுக்க வேண்டும். அவ்வாறு வகுத்தால், மூன்றாண்டு கழித்து வரும் 10,000 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 7,938 ரூபாய்.

நிகழ்கால மதிப்பு = வருந்தொகை ÷ (1 + வீதம்)^ஆண்டுகள்

இப்படி வகுப்பதற்குத் தள்ளுபடி செய்தல் என்றும், வகுக்கப் பயன்படும் வீதத்துக்குத் தள்ளுபடி வீதம் என்றும் பெயர். ஆடி மாதத்துத் தள்ளுபடிக்கும் இதற்கும் உறவில்லை. கடைக்காரர் விட்டுக்கொடுப்பதால் குறையும் விலை அது. இங்கே ஒருவரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. காத்திருக்கும் காலத்தின் விலைதான் கழிக்கப்படுகிறது.

இரண்டாவது கணக்கில் ஒரு தொகைக்குப் பதில் ஒரு தொடர். சாலை கடைவீதியில் ஒருவர் தம் நண்பரின் தொழிலில் இன்று 50,000 ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டின் முடிவில் 10,000, இரண்டாம் ஆண்டின் முடிவில் 20,000, மூன்றாம் ஆண்டின் முடிவில் 30,000 திரும்பி வருகிறது. மொத்தம் 60,000. பத்தாயிரம் இலாபம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெவ்வேறு ஆண்டுகளின் ரூபாய்களை அப்படியே கூட்டுவது, முழத்தையும் மீட்டரையும் கூட்டுவது போன்றது. ஒவ்வொன்றையும் முதலில் இன்றைய தேதிக்குக் கொண்டுவர வேண்டும். 8 சதவீதத்தில் அவை முறையே 9,259, 17,147, 23,815 ரூபாயாகின்றன. கூட்டினால் 50,221. போட்ட 50,000ஐக் கழித்தால் எஞ்சுவது 221 ரூபாய். இதுவே நிகர நிகழ்கால மதிப்பு.

இந்த 221ஐக் கண்டு, "இவ்வளவுதானா இலாபம்?" என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். 8 சதவீத வட்டி ஏற்கெனவே கணக்கில் அடங்கிவிட்டது. வேறு இடத்தில் 8 சதவீதம் சம்பாதித்திருக்கக்கூடிய அதே பணம் இங்கே அதற்கும் மேலே, இன்றைய மதிப்பில், 221 ரூபாய் கூடுதலாகத் தருகிறது என்பதே பொருள்.

அவருடைய பணத்துக்கு வேறிடத்தில் 10 சதவீதம் கிடைக்கும் எனில் நிலைமை மாறுகிறது. அதே மூன்று தொகைகளின் இன்றைய மதிப்பு 48,159 மட்டுமே. நிகர மதிப்பு 1,841 ரூபாய் நட்டம். ஒரு பைசாவும் மாறவில்லை, வீதம் மட்டும் மாறியது, முடிவு தலைகீழாயிற்று. வரிசையை மாற்றி முதலில் 30,000, பின்னர் 20,000, கடைசியில் 10,000 என்று வரச் செய்தால், அதே 10 சதவீதத்திலும் மதிப்பு 51,315 ஆகி மீண்டும் இலாபம் தெரிகிறது. மொத்தம் அப்போதும் 60,000தான். ஆகவே மொத்தத் தொகை என்பது தன்னளவில் அதிகம் சொல்வதில்லை.

கணக்கு சரிதானா என்று அறிய ஒரு வழி உண்டு. நான் மாணவர்களை இதைச் செய்யாமல் விடுவதில்லை. கண்ட விடையை ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டதாகக் கொண்டு, முன்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். 50,221 ரூபாய் 8 சதவீதத்தில் ஓராண்டில் 54,239 ஆகும்; 10,000 எடுத்தால் மீதி 44,239. அது 47,778 ஆகும். 20,000 எடுத்தால் 27,778. அது 30,000 ஆகும். கடைசி 30,000ஐ எடுத்தால் கணக்கு சுழியில் நிற்கும். சுழியில் நிற்காவிட்டால் எங்கோ ஆண்டு தவறியிருக்கிறது.

ஆண்டு தவறுவது கணினியிலும் நிகழ்கிறது. கணக்குத்தாள் செயலியிலுள்ள சூத்திரம், தரப்படும் முதல் தொகை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். எனவே இன்று போடும் பணத்தை அடைப்புக்குள் சேர்க்காமல் வெளியே கழிக்க வேண்டும்:

```
=NPV(8%,10000,20000,30000)-50000
```

விடை 221.01. அந்த 50,000ஐயும் உள்ளே முதல் தொகையாக வைத்தால் 204.64 என்று வரும். வித்தியாசம் சிறியதாகத் தெரிவதால் பலர் கவனிப்பதில்லை. கோடிகளில் கணக்கிடும்போது அது சிறியதாக இராது.

இனி விழிஞ்ஞத்துக்கு வருவோம்.

பொதுப்பயனுள்ள திட்டம் ஒன்று தனியார் முதலீட்டாளருக்குப் போதிய வருவாய் தராதபோது, அந்தக் குறையை நிரப்ப அரசு அளிக்கும் உதவித்தொகைக்கு ஆங்கிலத்தில் 'வயபிலிட்டி கேப் ஃபண்டிங்' என்று பெயர். தமிழில் இடைவெளி நிரப்பு நிதி எனலாம். திட்டச் செலவில் 20 சதவீதம் வரை மத்திய அரசு தரும். விழிஞ்ஞத்துக்கு அவ்வாறு ஒதுக்கப்பட்டது 817.80 கோடி. துறைமுகத்தைக் கட்டி நடத்தும் உரிமை ஒப்பந்தம் கேரள அரசுக்கும் அதானி குழும நிறுவனத்துக்கும் இடையே 2015 ஆகஸ்ட் 17ஆம் தேதி கையெழுத்தானது. முதல் பெரிய கொள்கலக் கப்பல் 2024 ஜூலையில் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. துணை ஒப்பந்தத்தின்படி கேரள அரசுக்குத் துறைமுக வருவாயில் பங்கு 2034 முதல் கிடைக்கும்.

சிக்கல் எழுந்தது ஒரு நிபந்தனையால். இந்த 817.80 கோடியை, மாநிலத்துக்குக் கிடைக்கும் வருவாய்ப் பங்கில் 20 சதவீதத்தைத் தந்து, நிகர நிகழ்கால மதிப்பின் அடிப்படையில் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றது மத்திய அரசு. அப்படிச் செலுத்தினால் 10,000 முதல் 12,000 கோடி வரை ஆகிவிடும் என்றது கேரள அரசு. தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கு இதே வகை நிதி இத்தகைய நிபந்தனை இன்றி வழங்கப்படுவதையும் அது சுட்டிக்காட்டியது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் மத்திய அரசுக்கே உரியது. விழிஞ்ஞத்தின் வருவாய்ப் பங்கு மாநிலத்துக்குப் போவது. இரண்டையும் ஒப்பிடலாமா என்பது அரசியல் வழக்கு. அதைத் தீர்ப்பது நம் வேலை அன்று. 817.80 எப்படி 12,000 ஆகிறது என்பதுதான் நம் வேலை.

வகுப்புக்காகச் சில எண்களை நானே எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தத்திலுள்ள எண்களாக இவற்றைக் கருத வேண்டாம். பணம் கைமாறும் ஆண்டு 2025. தள்ளுபடி வீதம் 8 சதவீதம். 2034இன் வருவாய்க் கணக்கு முடிந்து, முதல் தவணை பத்தாம் ஆண்டின் முடிவில் செலுத்தப்படுகிறது. அதிலிருந்து முப்பது தவணைகள்.

முதல் ஒன்பது ஆண்டுகளில் ஒரு ரூபாயும் செலுத்தப்படுவதில்லை. 8 சதவீதத்தில் பணம் ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே ஒன்பதாம் ஆண்டின் முடிவில் 817.80 கோடி 1,635 கோடியாகி நிற்கிறது. இதை முப்பது சம தவணைகளில் தீர்ப்பதாயின் ஆண்டுக்கு 145.2 கோடி, முப்பதையும் கூட்டினால் 4,356 கோடி. இங்கே ஒரு பழைய தவறு காத்திருக்கிறது. தவணைச் சூத்திரம் தரும் மதிப்பு, முதல் தவணைக்கு ஓராண்டு முந்தைய தேதிக்கு உரியது. முதல் தவணை பத்தாம் ஆண்டில் என்பதால் பத்து ஆண்டுகள் பின்னே வருவோர், இன்றைய மதிப்பை 757 கோடி என்று காண்பார்கள்; 60 கோடி காணாமற்போகும். ஒன்பது ஆண்டுகள்தான் வர வேண்டும்.

ஆனால் வருவாய்ப் பங்கு சம தவணையாக வருவதன்று. மாநிலத்தின் பங்கு 1 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் ஒவ்வொரு சதவீதமாக ஏறும் வகையில் அமைந்தது. கப்பல்களும் கொள்கலங்களும் பெருகப் பெருக வருவாயும் ஏறும். எனவே தவணை ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கிறது என்று வைத்துப் பார்த்தோம். அப்போது முதல் தவணை 44.5 கோடி மட்டுமே. கடைசித் தவணை 700 கோடியைத் தாண்டுகிறது. மொத்தம் 7,327 கோடி. சம தவணையில் 4,356, வளரும் தவணையில் 7,327. இரண்டின் நிகழ்கால மதிப்பும் அதே 817.80 கோடி. முதலில் குறைவாகக் கொடுத்துப் பின்னால் அதிகம் கொடுப்பதால் மொத்தம் பெருக்கிறது. சாலைக் கடைக்காரரின் 10,000, 20,000, 30,000 வரிசையில் கண்டதே இங்கும் நடக்கிறது.

இந்த வளரும் தவணையை முன்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது வகுப்பு சற்று நேரம் அமைதியானது. 1,635 கோடிக்குப் பத்தாம் ஆண்டின் வட்டி மட்டுமே ஏறத்தாழ 131 கோடி. செலுத்துவதோ 44.5 கோடி. ஆகவே முதல் தவணை செலுத்திய பிறகு நிலுவை குறையவில்லை. 1,721 கோடியாகக் கூடியிருக்கிறது. அடுத்த தவணைக்குப் பின்னும் கூடுகிறது. பதினெட்டாவது தவணை செலுத்தி முடிக்கும் வரை நிலுவை ஏறிக்கொண்டே போய் 3,050 கோடியைத் தொடுகிறது. பத்தொன்பதாவது தவணைதான் முதன்முதலாக வட்டியை மிஞ்சி அசலைத் தொடுகிறது. நம் கணக்கின்படி அது 2053ஆம் ஆண்டு. கட்டிக்கொண்டே வந்தும் கடன் ஏறுகிறதே என்று வீட்டுக்கடனிலோ கல்விக்கடனிலோ திகைத்தவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. தவணை வட்டிக்குக் கீழே இருக்கும்வரை அப்படித்தான் ஆகும்.

இப்போது வீதத்தை மட்டும் 8இலிருந்து 10 ஆக்குவோம். முதல் தவணை 70.7 கோடியாகிறது. மொத்தம் 11,630 கோடி. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று செய்தித்தாளில் வந்த எண்ணின் எல்லைக்குள் வந்துவிட்டோம். 817.80 கோடியை இந்த நிலைக்குக் கொண்டுவர ஏமாற்று எதுவும் தேவைப்படவில்லை. நீண்ட காலம், தாமதமான தொடக்கம், வளரும் தவணை, இரண்டு சதவீதம் கூடுதலான வீதம்: இவை போதும்.

"அப்படியென்றால் கேரளத்துக்கு நட்டம் பன்னிரண்டாயிரம் கோடியா, 817 கோடியா?" என்று அந்த மாணவர் விடாமல் கேட்டார். இதுதான் அன்றைய பாடத்தின் மையம். இரண்டும் இரண்டு நட்டங்கள் அல்ல. நிபந்தனையற்ற மானியமாகக் கிடைத்திருந்தால் மாநிலத்தின் கையில் இன்றைய மதிப்பில் 817.80 கோடி நின்றிருக்கும். நிகழ்கால மதிப்பின் அடிப்படையில் முழுதும் திருப்பித் தந்தால் நிற்பது சுழி. மாநிலம் இழந்தது இன்றைய ரூபாயில் 817.80 கோடி. அதே இழப்பை 2035 முதல் 2064 வரையிலான ரூபாய்களில் எழுதினால் பல ஆயிரம் கோடியாகத் தெரியும். ஒன்றைப் பேசும்போது மற்றதையும் சேர்த்துப் பேசினால் இழப்பை இருமுறை எண்ணியதாகும். பெரியதை மட்டும் பேசினால் தேதியை மறைத்ததாகும். சிறியதை மட்டும் சொல்லி, வெறும் 817 கோடியைத்தானே கேட்கிறோம் என்பதும் அதே அளவு முழுமையற்ற பேச்சுதான். அங்கே மறைக்கப்படுவது, மானியம் என்று பெயரிட்ட ஒன்று கடனாகிவிட்டது என்னும் செய்தி.

ஆயினும் இங்கு ஒரு 'ஆனால்' உண்டு. இழப்பு 817.80 கோடியோடு நிற்பது, ஒப்பந்தத்தில் பயன்படும் வீதமும் மாநிலம் வெளிச்சந்தையில் கடன் பெறும் வீதமும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே. ஒப்பந்த வீதம் 10, மாநிலம் வெளியே 8 சதவீதத்தில் வாங்க முடியும் என்று கொள்வோம். 10 சதவீதத்தில் வகுத்த அந்தத் தவணைகளை மாநிலத்தின் சொந்த வீதமான 8இல் தள்ளுபடி செய்தால் அவற்றின் இன்றைய மதிப்பு 1,298 கோடி. 817.80 பெற்று 1,298 கொடுப்பது உண்மையான நட்டம். 480 கோடி, அதுவும் இன்றைய ரூபாயில். நிலைமை எதிர்மாறாக இருந்தால் மாநிலத்துக்கு அதே வழியில் இலாபம். எனவே இத்தகைய ஒப்பந்தத்தில் ஒரே ஒரு எண்ணைப் பார்க்க அனுமதித்தால், நான் பார்க்க விரும்புவது மொத்தத் தொகையை அன்று, வீதத்தை.

மாநிலத்தின் பக்கம் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. செலுத்துவது வருவாயின் ஒரு பங்கு. கப்பல்கள் எதிர்பார்த்த அளவு வராவிட்டால் தவணையும் சிறுக்கும். சாதாரணக் கடனில் கடனாளி சுமக்கும் அபாயத்தில் ஒரு பகுதி இங்கே பணம் தந்தவரிடமும் இருக்கிறது. ஆனால் நிகழ்கால மதிப்பு நிறைவேறும்வரை செலுத்த வேண்டும் என்பதால், இளைத்த ஆண்டுகளின் குறை மறைந்துவிடாது. வட்டியோடு பின்னால் காத்திருக்கும். ஒரு ஆண்டின் குறை எவ்வளவு என்பதைவிட, அது எத்தனையாவது ஆண்டில் நேர்கிறது என்பதே அதிகம் கணக்காகும். பத்தாம் ஆண்டில் குறைந்த ஒரு கோடி, 8 சதவீதத்தில், முப்பத்தொன்பதாம் ஆண்டில் ஒன்பது கோடிக்கும் மேல்.

வகுப்பு முடிந்தபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. வீட்டுப்பாடமாக நான் தந்தது விழிஞ்ஞக் கணக்கை அன்று. சாலைக் கடைக்காரரின் கணக்கைத்தான். 8 சதவீதத்தில் அவருக்கு 221 ரூபாய் இலாபம், 10 சதவீதத்தில் 1,841 ரூபாய் நட்டம். எந்த வீதத்தில் இலாபமும் இன்றி நட்டமும் இன்றிச் சரியாகச் சுழி வரும்? வாசகர்களும் முயலலாம். 9 சதவீதத்தில் போட்டுப் பார்த்தால் சுமார் 827 ரூபாய் நட்டம் வரும். எனவே தேடவேண்டியது 8க்கும் 9க்கும் இடையே, 8க்கு அருகில். விடை ஏறத்தாழ 8.2 சதவீதம்.